ஓர் ஏரிப் படம் முடக்கிய கைப்பேசிகள்: சேஃப் மோடு, ஃபேக்டரி ரீசெட், மென்பொருள் மறுஏற்றம் ஆகியவற்றில் எது எந்தப் பழுதைத் தீர்க்கும்?

2020ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்களிடையே ட்விட்டர் வழியாக ஓர் எச்சரிக்கை பரவியது. மேகங்களுக்கு நடுவே மாலை வெயில் இறங்கும் ஓர் ஏரியின் படத்தை எவரும் தங்கள் கைப்பேசியில் வால்பேப்பராக வைத்துவிட வேண்டாம் என்பதே அந்த எச்சரிக்கை. அதை மீறி வைத்துப் பார்த்தவர்களில், ஆண்ட்ராய்டு 10 ஓடிய சாம்சங், கூகுள் பிக்சல் கைப்பேசிகளை வைத்திருந்த பலருக்கு ஒரே விதமான அனுபவம் நேர்ந்தது. திரை எரியும், உடனே அணையும், மீண்டும் எரியும்; பூட்டைத் திறப்பதற்குள் மறுபடி அணைந்துவிடும். கைப்பேசியை அணைத்துப் போட்டாலும் அதே நிலைதான்.

அந்தப் படத்தில் தீங்கு செய்யும் நிரல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ள செயின்ட் மேரி ஏரியை, பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுக்கும் ஒருவர் எடுத்து, லைட்ரூம் மென்பொருளில் திருத்தி, இணையத்தில் பகிர்ந்திருந்தார். அவ்வளவுதான். ஆயினும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கைப்பேசியை அது முடக்கியது. அதை மீட்க மக்கள் கையாண்ட வழிகளைப் பின்தொடர்ந்து சென்றால், பழுதான கைப்பேசிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று மருந்துகளும் உண்மையில் எதைத் தொடுகின்றன, எதைத் தொடுவதில்லை என்பது தெளிவாகத் தெரியவரும். அந்தக் காரணத்துக்காகவே இந்த நிகழ்வை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பழுது எங்கே இருந்தது

கைப்பேசியின் மேற்பட்டை, பூட்டுத்திரை, வால்பேப்பர் ஆகியவற்றை வரைந்து காட்டுவது சிஸ்டம் யுஐ என்னும் அமைப்புச் செயலி. ஆண்ட்ராய்டு 10இல் இந்தச் செயலி, வால்பேப்பர் எவ்வளவு வெளிச்சமானது என்று கணக்கிடுவதற்காகப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சாம்பல் நிற அளவாக மாற்றிப் பார்த்தது. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகளை உரிய விகிதத்தில் குறைத்து, மூன்றையும் கூட்டி, வரும் எண்ணுக்கு உரிய கட்டத்தில் ஒன்று கூட்டிவைக்கும். அந்தக் கட்டங்கள் 0 முதல் 255 வரை எண்ணிடப்பட்ட 256 கட்டங்கள். சாதாரணப் படங்களில் கூட்டுத்தொகை 255ஐத் தாண்டுவதில்லை என்பதால், தாண்டினால் என்ன செய்வது என்ற சோதனை நிரலில் எழுதப்படவில்லை.

ஒரு படம் எந்தெந்த நிறங்களைக் காட்டலாம் என்ற வரம்புக்கு நிறவெளி என்று பெயர். ஏரிப் படமோ வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இல்லாமல், அதைவிட விரிந்த நிறவெளி ஒன்றில் சேமிக்கப்பட்டிருந்தது. அதன் மிக வெளிச்சமான புள்ளிகளை மாற்றிக் கூட்டியபோது, முழு எண்ணாக்கும் கணக்கில் தொகை 255ஐத் தாண்டியது. இல்லாத கட்டத்தில் எழுத முயன்ற சிஸ்டம் யுஐ அங்கேயே முறிந்தது. அது முறிந்தால் ஆண்ட்ராய்டு அதை உடனே மீண்டும் தொடங்கும், தொடங்கியதும் அது முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று வால்பேப்பரை வரைவது, வரைவதற்கு அதே படத்தைத் திறக்கும், மீண்டும் முறியும். திரை எரிந்து எரிந்து அணைந்ததற்கு இந்தச் சுழற்சிதான் காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது, பழுதுக்கு இரண்டு பாதிகள் இருந்தன என்பதே. ஒரு பாதி, கணக்கைச் சரியாகக் காக்காத நிரல். அது கைப்பேசியின் சிஸ்டம் பகுதியில், பயனர் எழுத முடியாத இடத்தில் இருந்தது. மறு பாதி, அந்த நிரலைத் தடுக்கி விழச்செய்த படம்; அது பயனரின் தரவுப் பகுதியில் இருந்தது. துல்லியமாகச் சொன்னால், இந்தக் கோப்புகளில்:

```
/data/system/users/0/wallpaper
/data/system/users/0/wallpaper_orig
```

மூன்று மருந்துகளும் இந்த இரண்டு பாதிகளில் எதைத் தொட்டன என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சேஃப் மோடு

சேஃப் மோடில் தொடங்கும்போது, பயனர் தாமாகப் பதிவிறக்கி நிறுவிய செயலிகளை ஆண்ட்ராய்டு ஓடவிடாது. அது செய்யும் வேலை இந்த ஒன்றுதான். எதையும் அழிப்பதில்லை, எதையும் திருத்துவதில்லை. மறுபடி அணைத்துத் தொடங்கினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். முகப்பில் வைத்திருந்த சில விட்ஜெட்டுகள் மட்டும் காணாமல்போகலாம். கைப்பேசியுடன் வந்த செயலிகள், சிஸ்டம் யுஐ உட்பட, சேஃப் மோடிலும் ஓடும். ஆகவே ஏரிப் படத்தின் விஷயத்தில் இந்த முறை பழுதின் இரண்டு பாதிகளில் எதையும் தொடும்படி அமைந்ததன்று.

எனினும் இதைப் பயனற்றது என்று தள்ளிவிடக் கூடாது. சேஃப் மோடு ஒரு பரிசோதனை. அதன் விடை எதுவாக இருந்தாலும் அது ஒரு செய்தி. பழுது சேஃப் மோடில் நின்றுவிட்டால், குற்றவாளி பதிவிறக்கிய செயலிகளுக்குள் இருக்கிறது. நிற்காவிட்டால் அமைப்பிலோ, அமைப்பு படிக்கும் தரவிலோ, வன்பொருளிலோ இருக்கிறது. தரவை இழக்காமல் இவ்வளவு தெளிவைத் தரும் வேறு வழி கைப்பேசியில் இல்லை.

நடைமுறையில் இது நன்றாகப் பலன் தரும் இடம், பூட்டைத் திறந்தவுடன் முழுத்திரை விளம்பரம் வந்து விழும் கைப்பேசி. பவர் பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் அணைக்கும் குறியீட்டின் மேல் விரலைச் சில நொடிகள் வைத்திருந்தால், பெரும்பாலான கைப்பேசிகள் சேஃப் மோடுக்குச் செல்லலாமா என்று கேட்கும். சென்றதும் திரையின் கீழ் மூலையில் Safe mode என்ற எழுத்து நிற்கும். திரையைத் தொடவே முடியாத நிலையில், தொடங்கும்போது நிறுவனச் சின்னம் தோன்றியதும் ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிப்பது பல கைப்பேசிகளில் வேலை செய்யும்.

இங்கே பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். மணிக்கு ஒருமுறை வரும் விளம்பரத்தை, சேஃப் மோடில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நின்றுவிட்டது என்று முடிவுசெய்வது பரிசோதனையே ஆகாது. பழுது வழக்கமாகத் தலைகாட்டும் இடைவெளியைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரமாவது காத்திருக்க வேண்டும். உண்மையிலேயே நின்றுவிட்டது என்று உறுதியானபின், பிற செயலிகளின் மேல் தோன்ற எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தால், ஐயத்துக்குரியவை பெரும்பாலும் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். நீக்கும் பொத்தான் மங்கலாக இருந்து அழுத்த முடியாவிட்டால், அந்தச் செயலி சாதன நிர்வாகி உரிமையைப் பெற்றிருக்கும். அமைப்புகளில் அந்த உரிமையை முதலில் பறித்துவிட்டுப் பிறகு நீக்கலாம். இப்படிப்பட்ட கைப்பேசிக்கு ஃபேக்டரி ரீசெட் தேவையே இல்லை.

ஃபேக்டரி ரீசெட்

ஏரிப் படத்தால் முடங்கியவர்களில் பலரை மீட்டது ஃபேக்டரி ரீசெட்தான். தரவுப் பகுதி முழுவதும் அழிந்தபோது வால்பேப்பர் கோப்பும் அதனுடன் அழிந்தது, சிஸ்டம் யுஐக்குத் தடுக்கி விழ எதுவும் இல்லாமல்போனது, கைப்பேசி எழுந்தது. ஆனால் நிரலில் இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. அதே படத்தை மீண்டும் வைத்தால் அதே முடக்கம் மீண்டும் வரும். பழுதின் ஒரு பாதியை மட்டும், அதுவும் குற்றமற்ற பாதியை, நீக்குவதற்காகப் பயனர் தமது எல்லாத் தரவையும் கொடுத்தார். கைப்பேசி எழும்போது அமைப்பைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டை ஏற்கெனவே திறந்து, ஆண்ட்ராய்டு எழாதபோது பழுதுபார்க்க உதவும் ரிகவரி என்னும் தனித் திரைக்கு மாற்றாக வேறொன்றை ஏற்றி வைத்திருந்த சிலருக்கு, மேலே காட்டிய இரண்டு கோப்புகளை மட்டும் அழித்தாலே போதுமானதாக இருந்தது என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமான கைப்பேசியில் அந்த வாசல் பயனருக்குத் திறப்பதில்லை.

கைப்பேசியே ஃபேக்டரி ரீசெட்டைப் பரிந்துரைக்கும் நேரமும் உண்டு. ஆண்ட்ராய்டு 8 முதல் அமைப்புக்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. அமைப்பின் மையச் செயல்பாடு ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் மீண்டும் தொடங்கினாலோ, எப்போதும் ஓட வேண்டிய அமைப்புச் செயலி ஒன்று முப்பது விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் முறிந்தாலோ, அந்த ஏற்பாடு விழித்துக்கொண்டு படிப்படியாகச் சில அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். எதுவும் பலிக்காவிட்டால் ரிகவரித் திரைக்குச் சென்று Can't load Android system. Your data may be corrupt. என்ற செய்தியைக் காட்டி, மீண்டும் முயல்வதா, தரவை அழிப்பதா என்று கேட்கும். தரவு கெட்டிருக்கலாம் என்று அங்கே சொல்லப்படுவது ஓர் ஊகமே. ஏரிப் படம் கெட்ட கோப்பு அன்று. கணினியில் அழகாகத் திறக்கும் படம்தான். எனவே அந்தத் திரையைக் கண்டவுடன் அழிக்கும் வரியை அழுத்தாமல், முதலில் மீண்டும் முயலும் வரியைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதும், சில சாம்சங் கைப்பேசிகளின் ரிகவரியில் உள்ள, தற்காலிகக் கோப்புகள் இருக்கும் கேஷ் பகுதியை மட்டும் அழிக்கும் வரியைப் பயன்படுத்துவதும் நல்லது. கேஷை அழிப்பதால் படங்களோ செயலிகளோ போவதில்லை.

ஃபேக்டரி ரீசெட் செய்தால் வாங்கிய நாளில் இருந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்குக் கைப்பேசி திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். திரும்பாது. அது தரவுப் பகுதியை மட்டுமே அழிக்கிறது; சிஸ்டம் பகுதியில் கடைசியாக வந்து அமர்ந்த பதிப்பு எதுவோ அதுவே நீடிக்கும். புதிய பதிப்பு ஏறியபின் தொடங்கிய பழுது, பழைய செயலித் தரவோடு புதிய பதிப்பு ஒத்துப்போகாததால் வந்ததாக இருந்தால் ரீசெட் அதைத் தீர்க்கும். புதிய பதிப்பின் நிரலிலேயே இருந்தால் தீர்க்காது.

கொடுக்கும் விலையையும் சரியாக அறிந்திருக்க வேண்டும். இன்றைய கைப்பேசிகளில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. ரீசெட்டின்போது அதைத் திறக்கும் திறவுகோல்களும் அழிந்துவிடுவதால், அழிந்த படங்களை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களால் அதன்பின் பயன் இல்லை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் இன்னொரு தடையும் இருக்கிறது. அமைப்புகளுக்குள் சென்று செய்யாமல் ரிகவரித் திரையிலிருந்து ரீசெட் செய்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய திரைப்பூட்டையோ கொடுத்தால்தான் கைப்பேசி உள்ளே விடும். அது திருடர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனால் யாரோ கணக்கு தொடங்கிக் கொடுத்த கைப்பேசியைப் பயன்படுத்தும் பெரியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும் கையில் இல்லாதவரை ரிகவரி வழியாக ரீசெட் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரீசெட் முடிந்ததும் காப்புப்பிரதியிலிருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக மீட்டெடுப்பது, நீங்கிய பழுதைத் திரும்ப அழைத்துவரலாம். ஆண்ட்ராய்டின் காப்புப்பிரதியில் செயலிகளின் பட்டியலும் அவற்றின் தரவும் மட்டுமன்றி, வால்பேப்பரும் அடங்கும். ஆகவே முதலில் எதையும் மீட்காமல், புதிய கைப்பேசியாகத் தொடங்கி, சில மணி நேரம் வெறுமனே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வெறும் கைப்பேசியிலேயே பழுது தொடர்ந்தால், பயனரின் செயலிகளும் தரவும் அதற்குக் காரணம் அல்ல என்பது அங்கேயே நிரூபணமாகிவிடும்.

மென்பொருளை மீண்டும் ஏற்றுதல்

கடைகளில் சாஃப்ட்வேர் போடுவது என்று சொல்லப்படும் இந்த வேலை, சிஸ்டம் பகுதியை நிறுவனத்தின் மூலக் கோப்பைக் கொண்டு மறுபடி எழுதுவது. இதில் இரண்டு வகை உண்டு. வேறுபாடு தெரியாமல் ஒப்புக்கொள்வது ஆபத்து. சாம்சங் கைப்பேசிகளுக்கு ஓடின் என்னும் கணினி மென்பொருளால் ஏற்றும்போது, CSC என்று தொடங்கும் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் தரவு முழுவதும் அழியும். HOME_CSC என்று தொடங்கும் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் சிஸ்டம் புதிதாக எழுதப்படும், தரவு நிற்கும். ஐபோனை ரிகவரி நிலையில் கணினியோடு இணைத்தால் வரும் Update, Restore என்ற இரண்டு பொத்தான்களுக்கும் இதே வேறுபாடுதான்: முதலாவது தரவை வைத்துக்கொண்டு மென்பொருளை மறுபடி ஏற்றும், இரண்டாவது அழித்துவிட்டு ஏற்றும். வேறு பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பூட்லோடரைத் திறந்தால்தான் ஏற்ற முடியும்; திறக்கும் செயலே தரவை அழித்துவிடும்.

ஏரிப் படத்தின் நிகழ்வில் அதே ஆண்ட்ராய்டு 10 பதிப்பைத் தரவை வைத்துக்கொண்டு மீண்டும் ஏற்றியிருந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதே ஓட்டையுள்ள நிரல் அதே இடத்தில் வந்து அமரும். அதே படம் தரவுப் பகுதியில் காத்திருக்கும். கைப்பேசி அப்படியே முடங்கிக் கிடக்கும். தரவை அழித்து ஏற்றியிருந்தால் எழுந்திருக்கும், ஆனால் அந்த வேலையைச் செய்தது அழிப்புதானே தவிர ஏற்றம் அன்று. அந்த நிகழ்வில் நோயைத் தீர்த்தது திருத்தப்பட்ட நிரல் மட்டுமே. 2020 செப்டம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 11இல் இந்தப் படம் முடக்கத்தை உண்டாக்கவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவு பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதே பதிப்பை மீண்டும் ஏற்றுவதால் பழுது தீர்வது மிக அரிது. ஆண்ட்ராய்டு 7 முதல், தொடங்கும்போதும் ஓடும்போதும் சிஸ்டம் பகுதியின் ஒவ்வொரு துண்டும் கையொப்பத்தோடு ஒப்பிடப்படுகிறது. சிறு சேதமானால் அமைப்பே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவு கெட்டிருந்தால் கைப்பேசி முழுமையாகத் தொடங்காது. எனவே தொடங்கி, ஓடி, இடையிடையே தொங்கும் கைப்பேசியில் சாஃப்ட்வேர் கெட்டுப்போய்விட்டது என்று ஒருவர் சொன்னால், அதை ஐயத்தோடு கேட்பதே முறை. மென்பொருளை மீண்டும் ஏற்றுவதற்கு உண்மையான இடம், அப்டேட் பாதியில் நின்று நிறுவனச் சின்னத்தைத் தாண்டாத கைப்பேசி, அல்லது பூட்லோடரைத் திறந்து சிஸ்டம் பகுதியை யாரோ மாற்றியிருக்கும் கைப்பேசி. இரண்டாவது வகையில் ஃபேக்டரி ரீசெட் பயன்படாது. மாற்றப்பட்டது ரீசெட் தொடாத பகுதியில் இருக்கிறது.

மூன்றும் தேவைப்படாத ஒரு பழுது

2021 மார்ச் 22 அன்று, இந்திய நேரப்படி மறுநாள் காலைக்குள், உலகெங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஜிமெயில் உள்ளிட்ட பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்னும் அமைப்புக் கூறுதான் முறிந்துகொண்டிருந்தது. குரோமுக்கும் வெப்வியூவுக்கும் அமைவுகளையும் சோதனைகளையும் அனுப்பும் ஏற்பாட்டில் இருந்த பிழையே காரணம் என்று கூகுள் பின்னர் தெரிவித்தது.

இந்த நிகழ்வில் சேஃப் மோடின் விடை தவறான பாதைக்கு இழுக்கக்கூடியது. வெப்வியூ கைப்பேசியோடு வரும் கூறு என்பதால் சேஃப் மோடிலும் அதன் புதிய பதிப்பே ஓடும். ஜிமெயிலும் பெரும்பாலான கைப்பேசிகளுடன் வருவதால் அங்கேயும் முறியும். பதிவிறக்கிய செயலி குற்றவாளி இல்லை என்ற முடிவு சரியானதே. ஆனால் அடுத்த படி ரீசெட் என்று பாய்ந்தவர், தரவை இழந்து, பழைய வெப்வியூவோடு எழுந்து, இணையத்தில் சேர்ந்ததும் அதே கூறு புதுப்பிக்கப்பட்டு, அதே கோளாறான அமைவைப் பெறும் நிலையில் நின்றிருப்பார். சாம்சங் அன்று சொன்ன வழியோ மிக எளிது: அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து, அமைப்புச் செயலிகளைக் காட்டச் சொல்லி, Android System WebView என்பதைத் தேர்ந்தெடுத்து, Uninstall updates என்பதை அழுத்துவது. சில மணி நேரத்தில் கூகுள் திருத்திய பதிப்பைப் பிளே ஸ்டோர் வழியாக வெளியிட்டது.

சேஃப் மோடில் பழுது நிற்காதபோது ரீசெட்டுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இந்த நிகழ்விலிருந்தே கிடைக்கிறது. நேற்றுவரை சரியாக இருந்த கைப்பேசியில் கடைசியாக மாறியது என்ன? பிளே ஸ்டோரில் அண்மையில் புதுப்பிக்கப்பட்ட செயலிகளின் வரிசையைப் பார்க்கலாம். ஐயத்துக்குரிய ஒரு செயலியின் கேஷையும், தேவைப்பட்டால் அதன் தரவையும் மட்டும் அழிக்கலாம். அமைப்புச் செயலியானால் அதன் புதுப்பிப்பை மட்டும் நீக்கலாம். ஒரே நாளில் பலருக்கும் ஒரே பழுது வந்திருந்தால், அது உங்கள் கைப்பேசியில் மட்டும் உள்ள எதனாலும் வந்ததன்று. காத்திருப்பதே சிறந்த மருத்துவம்.

கடைசியாக வன்பொருள். தானாக அணைந்து எழும் கைப்பேசியை ரிகவரித் திரையில் வைத்து அரைமணி நேரம் விட்டுப் பார்க்கலாம். அங்கே பயனரின் செயலிகள் இல்லை, ஆண்ட்ராய்டின் வழக்கமான அமைப்பும் ஓடுவதில்லை. அங்கேயும் அது அணைந்தால், தளர்ந்த பேட்டரி, உள்ளே அமுங்கி நிற்கும் பவர் பொத்தான், பலகையில் விட்டுப்போன இணைப்பு ஆகியவற்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். மூன்று மருந்துகளில் எதுவும் அங்கே எட்டாது. அந்த நிலையில் செய்யத்தக்கது, கைப்பேசி எழுந்து நிற்கும் இடைவெளியில் படங்களையும் தொடர்பு எண்களையும் வெளியே எடுத்துவிட்டு, பேட்டரியை மாற்றிப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது.